சென்னையில் இறங்கி திருச்சியில் ஏறும் டிக்கட்: முதல் பறப்பு தவறினால் கடைசிப் பறப்பு என்ன ஆகிறது?

மலையகத்திலிருந்து இந்தியா போகிற குடும்பம் போன வழியிலேயே திரும்புவது குறைவு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன சொந்தங்களில் பாதிப்பேர் நீலகிரிப் பக்கம் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். பூர்வீக ஊர் என்று சொல்லிக்கொள்வது திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கம். நேர்த்திக்கடனோ சமயபுரத்தில். ஆகவே சென்னையில் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய், மலையேறி, பிறகு கீழே வந்து திருச்சியில் விமானம் பிடிப்பதுதான் வசதி. மறுபடி சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. ஹட்டன் டவுனில் டிக்கட் போடுகிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் போட்டுக்கொடுப்பது ‘ஓபன் ஜோ’ டிக்கட். போய் இறங்குகிற ஊர் ஒன்று, திரும்பி ஏறுகிற ஊர் வேறொன்று. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் திறந்த தாடை மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

பெயரில் ‘ஓபன்’ இருப்பதால் ஒரு குழப்பம் வருகிறது. “ஓபன் டிக்கட் தானே தம்பி, எந்தத் தேதியிலயும் வரலாம் தானே?” என்று என்னிடம் கேட்காத ஆள் குறைவு. திறந்திருப்பது நடுவில் உள்ள தரைவழி மட்டும். தேதியும் ஊரும் பறப்பு இலக்கமும் இரண்டு பக்கமும் பூட்டித்தான் இருக்கின்றன.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது டிக்கோயாவிலிருந்து போன ஒரு குடும்பத்துக்குத் திருச்சி விமான நிலையத்தில்தான் தெரிய வந்தது. மாமா, அத்தை, மகள் என மூன்று பேர். அவர்கள் பதிவு எங்கள் திரையில் இப்படி இருந்தது. விமான நிறுவனத்தின் குறியீட்டையும் இலக்கத்தையும் மாற்றியிருக்கிறேன்.

```
1  XX 101  CMB MAA  HK3
2  ARNK
3  XX 202  TRZ CMB  HK3
```

CMB கொழும்பு, MAA சென்னை, TRZ திருச்சி. HK3 என்றால் மூன்று இருக்கைகள் உறுதி. நடுவில் நிற்கிற ARNK தான் தாடையின் திறப்பு. ‘இங்கிருந்து அடுத்த இடத்துக்கு இவர்கள் எப்படி வருகிறார்கள் என்று நமக்குத் தெரியாது’ என்று முறைமைக்குச் சொல்லி வைக்கிற வரி அது. ரயிலோ, பஸ்ஸோ, கல்யாண வேனோ, விமான நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு கிடையாது. சென்னைப் பறப்பு ஒரு நாள் தள்ளிப்போய், நீலகிரி எக்ஸ்பிரஸில் எடுத்த படுக்கை வீணாய்ப் போனால், அந்தக் காசை விமானக்காரனிடம் கேட்க முடியாது.

அவர்கள் போனது தென்மேற்குப் பருவமழை நாட்களில். காலை ஒன்பதுக்குச் சற்று முன்னே பறப்பு. நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு வேன் ஏறியிருக்கிறார்கள். வழக்கமாகக் கட்டுநாயக்கவுக்கு அது தாராளம். கினிகத்தேனையைத் தாண்டியதும் கித்துல்கல பக்கம் மண் சரிந்து வீதி அடைபட்டுக் கிடந்தது. பெக்கோ வரும், மண்ணை அள்ளிவிடுவார்கள் என்று இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்கள். பிறகு வேனைத் திருப்பி நாவலப்பிட்டி, கம்பளை, கடுகண்ணாவை என்று சுற்றி வந்தார்கள். விமான நிலையத்தில் கால் வைத்தபோது எட்டு இருபது. கவுண்டரை அநேகமாக எல்லா நிறுவனமும் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே மூடிவிடும். மூடியிருந்தது.

அடுத்து அவர்கள் செய்ததைத்தான் நம்மில் பத்தில் எட்டுப் பேர் செய்வோம். கூட வந்திருந்த மருமகன் கைப்பேசியிலேயே தேடி, அன்று மாலைப் பறப்பில் வேறொரு நிறுவனத்தில், ஒருவழி டிக்கட் மூன்று எடுத்துவிட்டார். சென்னைக்குப் போனார்கள், கோத்தகிரிக் கல்யாணத்தையும் பார்த்தார்கள், சமயபுரத்தில் முடியும் இறக்கினார்கள். பத்தாவது நாள் திருச்சிக் கவுண்டரில் கடவுச்சீட்டை நீட்டினால், “உங்க பேர்ல புக்கிங் இல்லையே” என்றார்கள். மாமா பையிலிருந்த தாளை எடுத்துக் காட்டினார். தாளில் திருச்சிப் பறப்பு பளிச்சென்று இருந்தது. அதே திகதி, அதே நேரம். முறைமையில் மட்டும் இல்லை.

அது காணாமல் போனது பத்து நாளைக்கு முன்பு, கட்டுநாயக்கவில் கதவு மூடிய சற்று நேரத்தில். முதல் பறப்புக்கு வராதவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று விழும். அது விழுந்ததும் அதே பதிவில் மீதமிருக்கிற பறப்புகளை முறைமை தானாகவே இரத்து செய்துவிடும். யாரும் கோபத்தில் செய்வதில்லை, யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பதும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கையில் இருப்பது ஒரே தாள் என்றாலும் அதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, ஆறு எழுத்து இலக்கம் கொண்ட பதிவு. எந்தப் பறப்பில் உங்களுக்கு இருக்கை ஒதுக்கியிருக்கிறது என்பது அதில் இருக்கும். மற்றது, பதின்மூன்று இலக்கம் கொண்ட டிக்கட். நீங்கள் கட்டிய காசு அதில் இருக்கும். டிக்கட்டுக்குள் பறப்புக்கு ஒன்றாகக் ‘கூப்பன்’ உண்டு. பழைய காலத்தில் சிவப்புக் கார்பன் தாளில் புத்தகமாகத் தைத்துக் கொடுப்பார்கள், ஏறும்போது ஒவ்வொன்றாகக் கிழிப்பார்கள். இப்போது கிழிப்பது கணினிக்குள். பயன்படுத்தாத கூப்பனுக்கு எதிரே O என்றும், பறந்துவிட்டால் F என்றும் நிற்கும். திருச்சியில் மாமாவின் இரண்டு கூப்பன்களும் O என்றுதான் நின்றன. காசின் சுவடு இருந்தது, இருக்கை போய்விட்டது. டிக்கட் செல்லுபடி, ஆனால் பயணம் இல்லை என்கிற விசித்திர நிலை.

கூப்பன்களை முதலிலிருந்து வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது பெரும்பாலான முழுச்சேவை நிறுவனங்களின் நிபந்தனை. இதற்குக் காரணம் விலை. கொழும்பு–சென்னை, திருச்சி–கொழும்பு என்று சேர்த்து எடுக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது ஒரு ரிட்டர்ன் கட்டணத்தின் பாதியும் இன்னொரு ரிட்டர்ன் கட்டணத்தின் பாதியும். தனித்தனியாக ஒருவழி எடுத்தால் அந்த இரண்டு பாதியின் கூட்டுத்தொகையைவிட நிறையவே வரலாம். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பயன்படுத்த விட்டால், ரிட்டர்ன் விலையில் ஒருவழிப் பயணம் போனதாகிவிடும். அதை மூட வைத்த பூட்டில், ஏமாற்ற நினைத்தவரும் மண்சரிவில் மாட்டியவரும் சேர்ந்தே அகப்படுகிறார்கள். எனக்கு இதில் நியாயம் பாதிதான் தெரிகிறது. ஆனால் டிக்கட்டை எடுக்கும்போது ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று தட்டியது நாம்தான்.

குறைந்த கட்டண நிறுவனங்கள் அநேகமாக ஒவ்வொரு பறப்பையும் தனி விலையில்தான் விற்கின்றன. அதனால் போகிற பறப்பு தவறினாலும் திரும்புகிற பறப்பு பல சமயம் பிழைத்துக்கொள்ளும். பல சமயம் என்றுதான் சொல்லலாம். எந்த நிறுவனமானாலும் அதன் நிபந்தனையைப் படித்தே நம்ப வேண்டும்.

சரி, கித்துல்கலையில் வேனுக்குள் இருந்தபோது என்ன செய்திருக்க வேண்டும்? பறப்பு கிளம்புவதற்கு முன் ஒரு அழைப்பு. அதிகாலை நாலு மணிக்கு என்னை எழுப்பத் தயக்கமாக இருந்தது என்று மாமா பிறகு சொன்னார். என்னை எழுப்பவே தேவையில்லை. விமான நிறுவனத்தின் 24 மணிநேர இலக்கம் பெரும்பாலும் டிக்கட் தாளிலேயே இருக்கும். “வீதி அடைபட்டிருக்கு, இன்னைக்கு வர ஏலாது, நாளைக்கு மாத்தித் தாங்க, திருச்சி ரிட்டர்ன் அப்படியே இருக்கட்டும்” என்பதுதான் சொல்ல வேண்டிய வாக்கியம். அதில் கடைசித் துண்டு முக்கியம். கிளம்பும் முன் சொல்லிவிட்டால் அது பெரும்பாலும் ‘வரவில்லை’ அல்ல, ‘பயணி கேட்ட மாற்றம்’. கணினியில் இரண்டுக்கும் ஒரு குறிதான் வித்தியாசம், கையில் ஏறக்குறைய ஒரு லயத்து வீட்டைத் திருத்துகிற காசு வித்தியாசம்.

கணக்கைப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன், உண்மை விலைகள் நாளுக்கு நாள் மாறும். ஆளுக்கு டிக்கட் 80,000 ரூபாய் என்று வையுங்கள். முன்கூட்டிச் சொல்லி மறுநாளுக்கு மாற்றியிருந்தால், மாற்றக் கட்டணம் 10,000, மறுநாள் பறப்பில் மலிவு இருக்கை தீர்ந்துபோயிருப்பதால் விலை வித்தியாசம் 12,000. ஆளுக்கு 22,000, மூவருக்கு 66,000. அவர்கள் செய்தபடி போனால், அன்று மாலை ஒருவழி 45,000, திருச்சியில் கவுண்டரில் நின்றபடி எடுத்த ஒருவழி 48,000. ஆளுக்கு 93,000, மூவருக்கு 279,000. கல்யாணத்துக்கு மொய் வைத்ததைவிட விமானத்துக்கு வைத்தது அதிகம் என்று அத்தை இப்போதும் சொல்லிக் காட்டுகிறார்.

அந்த 12,000 வித்தியாசம் எப்படி வருகிறது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கூப்பனும் பறக்காத நிலையில் மாற்றினால், பல கட்டணங்களில் முழு டிக்கட்டையும் இன்றைய விலையில் மறுபடி போடுவார்கள். தேதி மாறாத திருச்சிப் பறப்புக்கும் சேர்த்து. மூன்று மாதத்துக்கு முன் மலிவாகக் கிடைத்த திருச்சிப் பாதி, அன்றைய விலைக்கு ஏறிவிடலாம். முதல் பறப்பு பறந்த பிறகு மாற்றினால், பறந்த பகுதி பழைய விலையிலேயே உறைந்து நிற்கும், மீதியை மட்டும் பார்ப்பார்கள். ‘ரிட்டர்னைத்தான் மாற்ற வேண்டும், அவசரமில்லை’ என்பவர்களிடம், இருக்கை தீர்ந்துவிடும் பயமில்லாவிட்டால், போய் இறங்கிய பிறகு மாற்றினால் என்ன விலை என்றும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். சில கட்டணங்களில் அது மிச்சம்.

தேதியை மாற்றுவதும் ஊரை மாற்றுவதும் ஒன்றல்ல. கோத்தகிரியிலிருந்து, “தம்பி, மதுரைக்குப் போற வேலை வந்துருச்சு, திருச்சிக்குப் பதிலா மதுரையில ஏத்தி விட முடியுமா?” என்று அழைப்பு வரும். திரையில் பார்த்தால் இரண்டு ஊரும் பக்கத்தில், அதே நிறுவனம் இரண்டிலிருந்தும் கொழும்புக்குப் பறக்கலாம். ஆனால் தேதி மாற்றம் இருக்கிற கட்டணத்துக்குள் நடக்கிறது, ஊர் மாற்றம் கட்டணத்தையே மாற்றுகிறது. திருச்சிப் பாதியை எடுத்துவிட்டு மதுரைப் பாதியை வைத்து மறுபடி கூட்ட வேண்டும். சில மலிவுக் கட்டணங்களில் அது அனுமதியே கிடையாது. அனுமதி இருந்தாலும் டிக்கட்டைப் புதிதாக வெளியிட வேண்டும். பதிவில் மாற்றிவிட்டு டிக்கட்டை மறந்தால், மதுரைக் கவுண்டரில் இருக்கை இருக்கும், அதற்குக் கூப்பன் இருக்காது. மாமாவுக்கு நேர்ந்ததன் தலைகீழ்.

இதே கோளாறு நாம் எதையுமே மாற்றாதபோதும் வரும். விமான நிறுவனங்கள் பருவத்துக்குப் பருவம் அட்டவணையை மாற்றுகின்றன. பிற்பகலில் இருந்த திருச்சிப் பறப்பு மறுநாள் காலைக்குப் போய்விடுகிறது என்று வையுங்கள். பதிவில் பழைய பறப்புக்கு எதிரே UN என்று, அதாவது ‘இனி இல்லை’ என்று விழும். புதியதற்கு எதிரே TK என்று ‘நேரம் மாறியது’ விழும். இந்தச் செய்தி ஏஜென்சியின் வரிசையில் வந்து நிற்கும். அதை ஒருவர் திறந்து, பயணியிடம் கேட்டு, ஒப்புக்கொண்டு, புதிய பறப்புக்குக் கூப்பனை இணைக்க வேண்டும். பதிவில் பயணியின் இலக்கத்துக்குப் பதில் ஏஜென்சியின் இலக்கத்தை மட்டும் போட்டு வைக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு, வாடிக்கையாளர் நேரடியாகப் போய்விடுவாரோ என்ற பயம்தான். அப்படியிருந்தால் குறுஞ்செய்தி உங்களுக்கு வராது. டிக்கட் போடும்போதே, “என்ட நம்பரையும் ஈமெயிலையும் புக்கிங்ல போட்டீங்களா?” என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நிறுவனமே மாற்றியிருந்தால் நிலைமை உங்கள் பக்கம் சாய்கிறது. பெரிய மாற்றம் என்றால் வேறு பறப்புக்குக் கட்டணமின்றி மாறவோ, காசைத் திரும்பக் கேட்கவோ பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனைகள் இடம் தருகின்றன. ஒரே டிக்கட் என்பதன் நன்மை தெரிவது இங்கேதான். சென்னைப் பறப்பை அவர்கள் இரண்டு நாள் தள்ளினால் சென்னையை மட்டும் பேசி முடிக்க வேண்டியதில்லை. “அப்படியென்றால் திருச்சியையும் இரண்டு நாள் தள்ளித் தாருங்கள்” என்று கேட்கலாம், பல நேரம் தருகிறார்கள். பயணமே வேண்டாம் என்றால் பறக்காத இரண்டு கூப்பனுக்கும் சேர்த்துக் காசைக் கேட்கலாம். ஆனால் குறுஞ்செய்தியில் வருகிற ‘ஏற்கிறேன்’ என்ற இணைப்பை வேனில் ஆடிக்கொண்டே தட்டிவிடாதீர்கள். தட்டிய பிறகு கேட்கிற மாற்றத்தை, நீங்களாக விரும்பிக் கேட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இத்தனையும் ஒரே டிக்கட்டுக்குள் இருப்பதற்கு. மூன்று நான்கு ஊர் சேர்ந்த பயணமென்றால், ஒரே தாளில் அச்சடித்திருந்தாலும் உள்ளே இரண்டு மூன்று தனி டிக்கட் இருக்கலாம். விலை குறைப்பதற்காக ஏஜென்ட் அப்படிக் கோத்திருப்பார். பதின்மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். எல்லாப் பறப்புக்கும் அதே எண் என்றால் ஒரே சங்கிலி. ஒரு டிக்கட்டில் நான்கு கூப்பன் வரைதான் அடங்கும் என்பதால், ஐந்தாவது பறப்புக்கு 41க்குப் பிறகு 42 என்பதுபோல் அடுத்த எண் தொடர்ந்து வந்தால் அதுவும் சங்கிலிதான். எண்கள் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் அவை தனித்தனி. ஆறு எழுத்துப் பதிவும் வேறு வேறாக இருந்தால், அங்கே முதல் பறப்பைத் தவறவிட்டாலும் மற்றது தானாக அழியாது. ஆனால் முதல் பறப்பு தாமதமாகி அடுத்தது தவறினாலும் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

ஆகவே தனி டிக்கட் எப்போதும் மோசம் என்றில்லை. மே முதல் செப்டெம்பர் வரையான மழையில், ஹட்டனுக்குக் கீழே ஏ7 வீதி எந்த இரவிலும் அடைபடலாம் என்று தெரிந்துகொண்டே ஓபன் ஜோ எடுப்பதைவிட, விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால், சென்னைக்கு ஒன்று, திருச்சியிலிருந்து ஒன்று எனத் தனித்தனியாக எடுத்துவிடச் சொல்கிறேன். சென்னை போனால் சென்னையோடு போகட்டும். வித்தியாசம் பெரிதென்றால் ஒரே டிக்கட்டே நல்லது. அப்போது முதல் நாளே இறங்கி நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ ஒரு இரவு தங்குகிற செலவையும் டிக்கட் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

முதல் பறப்பில் ஏதாவது நடந்து, வேறு வழியில் போய்ச் சேர்ந்தவர்கள், திரும்புகிற நாள்வரை காத்திருக்காமல் இறங்கிய அன்றே நிறுவனத்தின் தளத்தில் ஆறு எழுத்தையும் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். திருச்சிப் பறப்பு அங்கே தெரிந்தால் இருக்கிறது. பதிவு காணவில்லை, அல்லது பறப்பு வரி வெறுமையாக இருக்கிறது என்றால் போய்விட்டது. பத்து நாள் இருக்கும்போதே தெரிந்தால், கட்டணம் இடம் தருகிற டிக்கட்டுகளில் தண்டம் கட்டி மீட்கலாம். O என்று நிற்கிற கூப்பனில் மிச்சமிருக்கிற மதிப்பைப் புதிய பதிவோடு இணைக்க முடியும். கவுண்டரில் நின்று, விமானத்துக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது அதைச் செய்ய நேரமும் இல்லை, இருக்கையும் இல்லை.

மாமாவுக்கு அந்த வாய்ப்பு தப்பிவிட்டது. இருந்தாலும் திரும்பி வந்ததும் டிக்கட்டை என்னிடம் கொண்டுவரச் சொன்னேன். கட்டணம் திரும்பாத வகை, ஆனால் விமான நிலைய வரிகள் தனி. பறக்காதவன் கேட்டால் அவற்றை வழக்கமாகத் திருப்பித் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். கொழும்பு வரிக்கும் திருச்சி வரிக்கும் சேர்த்து மூன்று டிக்கட்டுக்கும் விண்ணப்பம் போட்டோம். ஏழு வாரம் கழித்து வந்தது. பெரிய தொகை இல்லை. மாமா அதை வாங்கி எண்ணிவிட்டு, “பெக்கோ வர்றதுக்கு முந்தியே ஃபோன் எடுத்திருக்கணும்” என்றார்.